மறுசோதனை ஏன் தோற்கிறது, அதன் முடிவை எப்படி எடைபோடுவது: பேனா ஆய்வை முன்வைத்துக் கேள்வி பதில்கள்

மறுசோதனை பற்றிப் பொதுவாகப் பேசினால் எல்லாமே சரியென்றும் தோன்றும், எதுவுமே பிடிபடாமலும் போகும். அதனால் இந்தப் பக்கம் முழுவதும் ஒரே ஆய்வைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: வாயில் பேனாவைப் பிடிக்கவைத்து, முகம் சிரித்தால் மனமும் மகிழுமா என்று பார்த்த ஆய்வு. உளவியலில் பல ஆண்டுகள் பாடப்புத்தகங்களில் இடம்பெற்ற ஆய்வு அது. 2016-இல் 17 ஆய்வகங்கள் அதைத் திரும்பச் செய்தன. பழைய முடிவு வரவில்லை. அதைச் சுற்றி எழுந்த கேள்விகள் வேறு எந்தத் துறையின் மறுசோதனைக்கும் எழக்கூடியவை.

திரும்பச் செய்தபோது முடிவு வரவில்லை என்றால் முதல் ஆய்வு பொய் என்றுதானே அர்த்தம்?

அப்படி உடனே சொல்லிவிட முடியாது. முதல் ஆய்வில் தெரிந்தது தற்செயலாக இருந்திருக்கலாம். மறுசோதனையில் தெரியாமல் போனதும் தற்செயலாக இருக்கலாம். இரண்டு ஆய்வுகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும் உண்மையில் வேறு வேறு சோதனைகளாக இருக்கலாம். முதல் ஆய்வில் கணக்குப் பிழையோ மோசடியோ இருக்கலாம் என்பது நான்காவது வாய்ப்பு. செய்திகளில் அதிகம் பேசப்படுவது இந்த நான்காவதுதான். ஆனால் பெரும்பாலான வழக்குகள் முதல் மூன்றுக்குள்ளேயே அடங்கிவிடும்.

இந்த நான்கில் எது நடந்தது என்பதைத் தோற்றது, வென்றது என்ற ஒற்றைச் சொல்லால் சொல்ல முடியாது. எண்களைப் பார்த்தாக வேண்டும்.

அந்தப் பேனா ஆய்வில் என்னதான் செய்தார்கள்?

முகம் சிரித்தால் மனமும் அதைப் பின்தொடருமா என்பதுதான் கேள்வி. 'சிரியுங்கள்' என்று சொல்லிவிட்டுச் சோதித்தால், ஆய்வின் நோக்கத்தைப் பங்கேற்பவர் ஊகித்துவிடுவார். ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராக், லெனர்டு மார்ட்டின், சபீன ஷ்டெப்பர் மூவரும் 1988-இல் இதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தார்கள். பேனாவை உதடு படாமல் பற்களால் கடித்துப் பிடித்தால், சிரிக்கும்போது இயங்கும் தசைகள் தாமாக இயங்கும். உதடுகளால் மட்டும் பிடித்தால் அந்தத் தசைகள் இயங்க முடியாது. கைகளைப் பயன்படுத்த முடியாதவர்கள் வாயால் எழுதுவது எவ்வளவு கடினம் என்று அறிவதற்கான சோதனை இது என்று பங்கேற்றவர்களிடம் சொல்லப்பட்டது. பேனாவை வாயில் வைத்தபடியே சில வேலைகளைச் செய்துவிட்டு, கடைசியில் சில கேலிச்சித்திரங்கள் எவ்வளவு வேடிக்கையாக இருக்கின்றன என்று 0 முதல் 9 வரை மதிப்பெண் போட்டார்கள்.

முதல் சோதனையில் 92 பேர், மூன்று குழுக்கள். பற்களால் பிடித்தவர்களின் சராசரி 5.14, உதடுகளால் பிடித்தவர்களுடையது 4.32, கையில் பிடித்தவர்களுடையது இடையில் 4.77. பற்களுக்கும் உதடுகளுக்கும் உள்ள வேறுபாடு 0.82. அந்த வேறுபாடு தற்செயல் ஆட்டத்தின் அளவைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் டி-மதிப்பு 1.85. விளைவே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு பெரிய வேறுபாடு வரும் வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பு, ஒருபக்கச் சோதனையில் 0.03. அது 0.05-க்குக் கீழே இருந்தால் முடிவுக்கு 'முக்கியத்துவம் உண்டு' என்பது வழக்கம்.

'ஒருபக்க' என்ற சொல்லைக் கவனியுங்கள். விளைவு எந்தத் திசையில் வரும் என்று முன்கூட்டியே கணித்திருந்ததால் அவர்கள் அந்தச் சோதனையைப் பயன்படுத்தினார்கள், அதில் தவறில்லை. ஆனால் அதே எண்ணை, இரு திசைகளையும் கணக்கில் எடுக்கும் வழக்கமான இருபக்கச் சோதனையில் போட்டால் பி-மதிப்பு ஏறத்தாழ 0.07 ஆகிவிடும். புகழ்பெற்ற ஓர் ஆய்வு இவ்வளவு மெல்லிய தரையில் நின்றது என்பதை நான் முதன்முறை கணக்கிட்டுப் பார்த்தபோது வியந்தேன். ஒரு மறுசோதனையை எடைபோட உட்காரும்போது முதலில் படிக்க வேண்டியது பழைய ஆய்வைத்தான் என்று அன்று முதல் பழகிக்கொண்டேன்.

2016-இல் அதை எப்படித் திரும்பச் செய்தார்கள்?

எரிக்-யான் வாகன்மாக்கர்ஸ் தலைமையில் 17 ஆய்வகங்கள், மொத்தம் 1,894 பேர். ஸ்ட்ராக் தம்மிடமிருந்த மூலப் பொருள்களைக் கொடுத்தார். எப்படிச் செய்வது, யாரைக் கணக்கிலிருந்து நீக்குவது, எந்தச் சோதனையால் முடிவெடுப்பது என்று எல்லாவற்றையும் தரவு சேர்ப்பதற்கு முன்பே எழுதி வைத்தார்கள். முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவதாக ஆய்விதழும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டது. பதிவுசெய்த மறுசோதனை என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

வழிமுறைகளைக் காணொளியில் காட்டினார்கள், ஆய்வாளருக்கு ஆய்வாளர் சொல்லும் விதம் மாறக் கூடாது என்பதற்காக. பேனாவைச் சரியாகப் பிடித்தார்களா என்று பார்க்கக் கேமரா வைத்துப் பதிவும் செய்தார்கள். இந்தக் கேமரா பின்னால் பெரிய வழக்காகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த வேறுபாடு 0.03. உண்மையான விளைவு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி −0.11 முதல் 0.16 வரை. ஏறத்தாழப் பாதி ஆய்வகங்களில் வேறுபாடு எதிர்பார்த்த பக்கமும், மீதிப் பாதியில் எதிர்ப்பக்கமும் சாய்ந்திருந்தது.

முதல் ஆய்வு நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் மறுசோதனை தோற்க முடியுமா?

தாராளமாக. உண்மையான விளைவு சரியாக 0.82 என்றே வைத்துக்கொள்வோம். அதே 92 பேர் அளவில் ஒருவர் அதைத் திரும்பச் செய்கிறார். திரும்பத் திரும்பச் செய்தால் வேறுபாடு தற்செயலாக எவ்வளவு ஆடும் என்பதன் அளவான திட்டப்பிழை, முதல் ஆய்வின் எண்களிலிருந்தே கிடைக்கிறது: 0.82-ஐ 1.85-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.44. இருபக்கச் சோதனையில் 'முக்கியத்துவம் உண்டு' என்று சொல்ல, கிடைக்கும் வேறுபாடு 0.87-ஐத் தாண்ட வேண்டும். உண்மை 0.82 என்றால், ஒவ்வொரு முறை செய்யும்போதும் கிடைக்கும் எண் அதற்குச் சற்று மேலும் கீழுமாக ஆடும். 0.87-ஐத் தாண்டும் வாய்ப்பு ஏறத்தாழ 46 சதவீதம்தான்.

அதாவது, யாரும் எந்தத் தவறும் செய்யாமல், விளைவும் உண்மையாகவே இருக்கும்போது, மறுசோதனை பாதிக்கு மேற்பட்ட முறை 'தோற்கும்'. சோதனையின் கண்டறியும் திறன் குறைவு என்று இதைத்தான் சொல்கிறோம். 'மூல ஆய்வில் எத்தனை பேரோ அத்தனை பேரையே எடுத்தோம், அதுதான் நேர்மை' என்று எழுதும் மறுசோதனைகளை நான் ஐயத்தோடு படிப்பது இதனால்தான். அங்கே நேர்மைக்குக் குறைவில்லை. அந்த அளவில் கிடைக்கும் விடைக்குத்தான் வலு இல்லை.

2016 ஆய்வின் நிலை வேறு. அதன் திட்டப்பிழை ஏறத்தாழ 0.07. உண்மையான விளைவு 0.82-இல் கால்பங்காக, 0.2-ஆக இருந்திருந்தாலும், அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அந்த ஆய்வுக்கு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தது. ஆகவே 'ஆள் போதவில்லை' என்ற காரணம் இங்கே எடுபடாது.

அப்படியானால் 1988-இல் 0.82 எங்கிருந்து வந்தது? ஏமாற்றினார்களா?

அப்படி நினைக்க எந்தச் சான்றும் இல்லை, தேவையும் இல்லை. ஏமாற்று வேலை எதுவும் இல்லாமலேயே பெரிய எண்கள் பிறக்க ஒரு வழி இருக்கிறது.

திட்டப்பிழை 0.44 உள்ள ஒரு சோதனையில், ஒருபக்கச் சோதனையின் எல்லையைத் தாண்ட வேறுபாடு குறைந்தது 0.73 இருக்க வேண்டும். உண்மையான விளைவு 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பல ஆய்வாளர்கள் தனித்தனியாக இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். பெரும்பாலோருக்கு 0.1, 0.4, −0.2 என்று ஏதோ வருகிறது, 'முக்கியத்துவம் இல்லை' என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். ஒருவருக்கு மட்டும் தற்செயலாக 0.8 வருகிறது. அவருடையது வெளியாகிறது. வாசகருக்குத் தெரிவது அது ஒன்றுதான். அந்த வாசலைத் தாண்டி வரும் எந்த எண்ணும் 0.73-க்குக் கீழே இருக்கவே முடியாது. எனவே வெளியான ஒவ்வொரு முடிவும் உண்மையைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் பெரிதாகத்தான் தெரியும். சல்லடைக் கண் பெரிதாக இருந்தால் சின்னக் கல்லெல்லாம் கீழே போய்விடும், மேலே நிற்பது பெருங்கல் மட்டும்தான்.

பேனா ஆய்வில் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. சிறிய மாதிரியும் வெளியீட்டுச் சல்லடையும் சேர்ந்தால் இப்படி நடப்பது இயல்பு என்கிறேன். இதோடு இன்னொன்றும் கலக்கும்: தரவைப் பார்த்த பிறகு எந்தச் சித்திரத்தைச் சேர்ப்பது, யாரை நீக்குவது, எந்தக் குழுவை எதனோடு ஒப்பிடுவது என்று முடிவெடுக்கும் சுதந்திரம். ஒவ்வொரு தேர்வும் தனியே நியாயமாகத்தான் இருக்கும். எல்லாம் சேர்ந்து எண்ணை ஒரே பக்கம் தள்ளிவிடும். 2016 ஆய்வு எல்லாவற்றையும் முன்பே எழுதி வைத்ததற்குக் காரணம் இந்தக் கதவை அடைப்பதுதான்.

0.82, 0.03. இரண்டும் நேருக்கு நேர் முரண்படுகின்றன, இல்லையா?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. பார்வைக்குப் பதில் எளிது. கணக்குப் போட்டால் மூன்று அளவுகோல்கள் மூன்று விதமாகப் பேசுகின்றன.

முதல் அளவுகோல்: மறுசோதனையில் முக்கியத்துவம் வந்ததா? வரவில்லை. எனவே தோல்வி. எல்லோரும் பயன்படுத்துவது இது, ஆனால் மூன்றிலும் பலவீனமானதும் இதுதான். மிகச் சிறிய மறுசோதனையும் முக்கியத்துவம் காட்டாது, மிகத் துல்லியமான பூச்சியமும் முக்கியத்துவம் காட்டாது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறது.

இரண்டாம் அளவுகோல்: முதல் ஆய்வை வைத்துப் பார்த்தால், மறுசோதனையின் முடிவு எந்த எல்லைக்குள் விழும் என்று எதிர்பார்த்திருக்கலாம்? இதைக் கணிப்பு இடைவெளி என்பார்கள். இரு ஆய்வுகளின் திட்டப்பிழைகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்:

```
√(0.44² + 0.07²) ≈ 0.45
0.82 ± 1.96 × 0.45  →  −0.06 … 1.70
```

மறுசோதனையில் கிடைத்த 0.03 இந்த எல்லைக்குள்ளேயே விழுகிறது. மயிரிழையில்தான், ஆனாலும் உள்ளேதான். இந்த அளவுகோலின்படி மறுசோதனை மூல ஆய்வோடு முரண்படவே இல்லை!

இதைப் பார்த்து 'அப்படியானால் முதல் ஆய்வு காப்பாற்றப்பட்டது' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. முரண்படாததற்குக் காரணம் முதல் ஆய்வு சொன்னது சரி என்பதல்ல, அது சொன்னது மிகக் குறைவு என்பதுதான். அதன் நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ −0.05 முதல் 1.69 வரை நீள்கிறது. விளைவே இல்லை என்பதும் அதற்குள் அடங்கும், பிரம்மாண்டமான விளைவும் அடங்கும். நாளை மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம் என்று சொன்னவரை யாராலும் பொய்யாக்க முடியாது.

மூன்றாம் அளவுகோலை 2015-இல் யூரி சைமன்சோன் முன்வைத்தார். அவர் எடுத்துக்காட்டு தொலைநோக்கி. ஒருவர் சின்னத் தொலைநோக்கியில் புதிய கோளைக் கண்டதாகச் சொல்கிறார். பெரிய தொலைநோக்கியில் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. கோளே இல்லை என்று அது நிரூபித்துவிடாது. ஆனால் அங்கே ஏதாவது இருந்தாலும், அந்தச் சின்னத் தொலைநோக்கியில் தெரிந்திருக்க முடியாத அளவுக்குச் சிறியது என்று சொல்லலாம். முதல் ஆய்வின் ஆதாரம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

அதை எண்ணாக்குவது எப்படி? மூல ஆய்வின் அளவுள்ள சோதனை மூன்றில் ஒரு முறை மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய விளைவு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். திட்டப்பிழை 0.44 என்றால், அந்த விளைவு ஏறத்தாழ 0.67. மறுசோதனையின் நம்பிக்கை இடைவெளியின் மேல் முனை 0.16. அது 0.67-இன் கிட்டேகூட வரவில்லை. எனவே தீர்ப்பு தெளிவு: பேனாவால் ஏதோ சிறு விளைவு இருக்கலாம், ஆனால் 92 பேரை வைத்து அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

மூன்றில் எதை நம்புவது என்றால், நான் மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். கேள்வி அதில்தான் ஒழுங்காகக் கேட்கப்படுகிறது.

ஒரே ஓர் ஆய்வகம் மட்டும் செய்து 'வரவில்லை' என்றால்?

அந்த 17-இல் ஒன்றைத் தனியாக எடுத்துப் பாருங்கள். சராசரியாக 110 பேர். அதன் திட்டப்பிழை ஏறத்தாழ 0.28, இடைவெளி இருபுறமும் 0.55 அளவுக்கு விரியும். உண்மை 0.03 என்றால்கூட, ஓர் ஆய்வகத்துக்கு 0.5 வந்திருக்கலாம், இன்னொன்றுக்கு −0.4 வந்திருக்கலாம். தனியாக வெளியிட்டிருந்தால் ஒருவர் 'நம்பிக்கை தரும் போக்கு' என்றும் மற்றவர் 'எதிர்மாறான விளைவு' என்றும் தலைப்பு வைத்திருப்பார்கள்.

கேமரா இருந்ததால்தான் விளைவு மறைந்தது என்று ஸ்ட்ராக் சொன்னாரே, அது சரியான வாதமா?

வாதத்தை முழுதாகக் கேட்போம். தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர் தன் உள்ளுணர்வை விட்டுவிட்டுத் தன்னைத் தானே கண்காணிக்கத் தொடங்குவார், அப்போது முகத்திலிருந்து வரும் மெல்லிய குறிப்பு மதிப்பெண்ணைப் பாதிக்காது. இது அபத்தமான வாதமல்ல, உளவியலில் இதற்கு அடிப்படை உண்டு. பங்கேற்ற மாணவர்கள் உளவியல் படிப்பவர்கள், இந்த ஆய்வை முன்பே அறிந்திருக்கலாம் என்றும், சித்திரங்கள் பழையவை என்றும் அவர் சொன்னார்.

சிக்கல் என்னவென்றால், முடிவு தெரிந்த பிறகு இரு ஆய்வுகளுக்கும் இடையில் ஏதாவது ஒரு வேறுபாட்டை யாரும் கண்டுபிடித்துவிடலாம். வேறுபாடு எப்போதும் இருக்கும். அதனால் இப்படிப்பட்ட மறைகாரணி விளக்கத்தை உண்மையாகவும் ஏற்கக் கூடாது, சாக்குப்போக்கு என்று தள்ளவும் கூடாது. அது ஒரு புதிய கணிப்பு. அதைச் சோதிக்க வேண்டும்.

சோதித்தார்கள். 2018-இல் டாம் நோவா, யாகோவ் ஷூல், ரூத் மேயோ மூவரும் ஒரு குழுவின் முன் கேமரா வைத்தும், இன்னொன்றில் வைக்காமலும் செய்து பார்த்தார்கள். கேமரா இல்லாதபோது விளைவு தெரிந்தது, இருந்தபோது தெரியவில்லை. வழக்கு முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஒரு பக்கம் முக்கியத்துவம் வந்து, மறுபக்கம் வராமல் போனால், இரண்டும் வேறு வேறு என்று ஆகிவிடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையே நேரடியாகச் சோதிக்க வேண்டும். அந்த நேரடிச் சோதனையில் சான்று பலவீனமாகவே இருந்தது. கேமரா விளக்கம் சாத்தியம் என்ற இடத்தில் நிற்கிறது, நிறுவப்பட்டது என்ற இடத்துக்கு வரவில்லை.

இன்னொரு தடயமும் கையில் இருக்கிறது. விளைவு சூழலைப் பொறுத்து மாறுமென்றால், பல நாடுகளில் பல வகை மாணவர்களோடு செய்த 17 ஆய்வகங்களுக்கிடையே முடிவுகள் தற்செயல் அளவைத் தாண்டிச் சிதறியிருக்க வேண்டும். கிடைத்த முடிவுகள் பூச்சியத்தைச் சுற்றிச் சாதாரண ஆட்டமே ஆடின. கேமரா எல்லா ஆய்வகங்களிலும் இருந்ததால் கேமரா வாதத்தை இது தொடாது. மாணவர், ஊர், மொழி என்ற மற்ற விளக்கங்களை இது பலவீனப்படுத்துகிறது.

மறைந்திருக்கும் காரணி உண்மையிலேயே குற்றவாளியாக இருந்த வழக்கு ஏதாவது உண்டா?

உண்டு. மார்பகத் திசு செல்களைப் பிரித்தெடுக்கும் வேலையில் அமெரிக்காவின் இரு ஆய்வகங்கள், ஒன்று பெர்க்லியில், மற்றது பாஸ்டனில், ஒரே நெறிமுறையைப் பின்பற்றியும் வேறு வேறு முடிவுகளைப் பெற்றன. வேதிப்பொருள், கருவி, திசு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் இரு குழுவினரும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். அப்போதுதான் தெரிந்தது: திசுவைக் கரைக்கும் கட்டத்தில் ஒருவர் வேகமாகக் கலக்கினார், மற்றவர் நீண்ட நேரம் மெதுவாக ஆட்டினார். அது நெறிமுறையில் எழுதும் அளவுக்கு முக்கியம் என்று இருவருமே நினைத்திருக்கவில்லை. 2014-இல் இதை ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார்கள்.

பேனா வழக்கோடு ஒப்பிடுங்கள். இங்கே காரணியை மாற்றினால் முடிவு மாறியது, திரும்ப மாற்றினால் திரும்பியது. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே காரணி தன்னை நிரூபித்துக்கொண்டது. மறைகாரணி வாதம் எந்த அளவுக்குப் போனால் நம்பலாம் என்பதற்கு எனக்கு இதுவே அளவுகோல்.

மறுசோதனை செய்தவர்களே சொதப்பியிருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

விளைவைத் தேடுவதற்கு முன், விளைவை உண்டாக்கும் செயல் நடந்ததா என்று பாருங்கள். பேனாவைச் சரியாகப் பிடித்தார்களா? 2016-இல் கேமரா வைத்ததே இதற்காகத்தான், தவறாகப் பிடித்தவர்களை நீக்கினார்கள். சித்திரங்கள் நடுத்தர வேடிக்கையாக இருந்தனவா? எல்லோரும் 9 போடும் சித்திரமென்றால் மேலே ஏற இடமே இல்லை, எல்லோரும் 0 போட்டால் மதிப்பெண் அசையாது. இதையும் முன்கூட்டியே வேறு ஆட்களிடம் காட்டிச் சரிபார்த்தார்கள்.

அடுத்து, அந்தச் சோதனையால் எதையாவது கண்டுபிடிக்க முடிந்ததா? பூச்சியம் என்று சொல்லும் ஆய்வு, தெரிந்தே ஆக வேண்டிய வேறொரு விளைவையும் உடன் சேர்த்துச் சோதித்து, அது தெரிந்தது என்று காட்டினால், அதன் பூச்சியத்துக்கு மதிப்பு கூடும். அளவுகோல் வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி. 2016 ஆய்வில் இப்படிப்பட்ட சாட்சி இல்லை என்பதை அதன் குறையாகவே நினைக்கிறேன்.

கடைசியில் முகம் சிரித்தால் மனம் மகிழுமா, மகிழாதா?

பேனா ஆய்வு தோற்றது என்பதும், முகபாவம் உணர்வைப் பாதிக்காது என்பதும் ஒரே கூற்று அல்ல. பேனா என்பது அந்தக் கருத்தைச் சோதிக்க எடுத்த ஒரு கருவி.

2019-இல் நிக்கலஸ் கோல்ஸும் சகாக்களும் 138 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சிறிய விளைவு ஒன்று தென்பட்டது. பிறகு, கருத்தை நம்புவோரும் ஐயப்படுவோரும் ஒன்றாக உட்கார்ந்து, எந்த முடிவு வந்தால் யார் எதை ஒப்புக்கொள்வது என்று முன்பே பேசிவைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 19 நாடுகள், 3,878 பேர், 2022-இல் வெளியானது. படத்தில் உள்ளவரைப்போலச் சிரித்துப் பார்க்கச் சொன்னபோது, அல்லது கன்னத்தையும் உதட்டோரத்தையும் குறிப்பிட்ட விதமாக அசைக்கச் சொன்னபோது, மகிழ்ச்சி கூடியது. பேனா முறையில் மட்டும் சான்று தெளிவாக இல்லை.

ஆகவே 2016 மறுசோதனையைப் படித்துவிட்டு 'முகபாவக் கொள்கை செத்துவிட்டது' என்று எழுதியவர்கள் அந்த எண்கள் சொன்னதைத் தாண்டிப் போனார்கள். 'பேனா ஆய்வு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது' என்று 2022-ஐ வைத்து எழுதுவோரும் அப்படியே. ஒரு மறுசோதனை சொல்வது அந்த முறை, அந்த அளவீடு, அந்த அளவிலான விளைவு பற்றி மட்டும்தான்.

உளவியலில் 36 சதவீத ஆய்வுகள்தான் உண்மை என்கிறார்களே?

2015-இல் வெளியான ஒரு கூட்டுத் திட்டம் அது. மூன்று உளவியல் இதழ்களில் 2008-இல் வந்த ஆய்வுகளில் 100-ஐத் திரும்பச் செய்தார்கள். 36 சதவீத மறுசோதனைகளில் முக்கியத்துவம் வந்தது என்பதே அந்த எண்ணின் பொருள், மேலே சொன்ன முதல் அளவுகோல். அதே திட்டத்தில், மூல விளைவு மறுசோதனையின் நம்பிக்கை இடைவெளிக்குள் விழுந்ததா என்று பார்த்தால் 47 சதவீதம். 'திரும்ப வந்தது' என்று செய்தவர்களே மதிப்பிட்டது 39 சதவீதம். எந்த அளவுகோல் என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்வது அரைச் செய்தி. அந்தத் திட்டத்தில் நான் அதிகம் நினைவில் வைத்திருப்பது இன்னொரு எண்: விளைவுகளின் சராசரி அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சல்லடை பற்றிச் சொன்னதோடு அது பொருந்திப் போகிறது.

ஒரு மறுசோதனைக் கட்டுரை கையில் கிடைத்தால் நீங்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

பழைய கட்டுரையைத் திறந்து, அதன் வேறுபாட்டையும் டி-மதிப்பையும் தேடுவேன். ஒன்றை மற்றதால் வகுத்துத் திட்டப்பிழையை எடுத்துக்கொள்வேன். பழைய ஆய்வு எவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்க முடியும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு புதிய கட்டுரையின் நம்பிக்கை இடைவெளி. பி-மதிப்பைக் கடைசியில்தான் பார்ப்பேன். இடைவெளி பூச்சியத்தைச் சுற்றி ஒடுக்கமாக இருந்தால், விளைவு இல்லை அல்லது மிகச் சிறிது என்று அந்த ஆய்வுக்குச் சொல்லத் தெரிந்திருக்கிறது. பூச்சியத்தையும் பழைய எண்ணையும் சேர்த்தே விழுங்கும் அளவுக்கு அகலமாக இருந்தால், தலைப்பில் 'தோல்வி' என்று போட்டிருந்தாலும் அது எதையும் சொல்லவில்லை.

அதன்பின், தரவு சேர்ப்பதற்கு முன்பே திட்டத்தை எழுதி வைத்த முன்பதிவு ஆவணத்தைத் திறந்து, அதில் உறுதியளித்த முதன்மைச் சோதனையும் கட்டுரையில் வந்த முதன்மைச் சோதனையும் ஒன்றுதானா என்று ஒப்பிடுவேன். மாறியிருந்தால், காரணம் எழுதியிருக்கிறார்களா என்று தேடுவேன். கடைசியாகச் சுருக்கத்தின் இறுதி வாக்கியம். '0.16-ஐவிடப் பெரிய விளைவு இருக்க வாய்ப்பில்லை' என்பது எண்களிலிருந்து வரும் வாக்கியம். 'இந்த விளைவு இல்லை' என்பது ஆசிரியர் சேர்த்துக்கொண்ட வாக்கியம். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, அந்த அளவுக்கு முடிவிலிருந்து கழித்துக்கொள்வேன்.